ஒரே 10.6, மூன்று பொருள்: கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் வாரத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி

"ஏனுங்க டாக்டரம்மா, மொத தடவ பாக்கறப்போ பதினொண்ணு பாயிண்டுக்கு மேல இருந்துச்சுங்க. இப்ப ஒம்போது எட்டுங்கறீங்க. மாத்தரை போட்டும் ரத்தம் எறங்குமுங்களா?"

ஊத்துக்குளிப் பக்கம் உள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மருமகளுடன் வந்திருந்த ஒரு மாமியார் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இரண்டு பரிசோதனைச் சீட்டுகள் இருந்தன. ஒன்று ஒன்பதாவது வாரத்தில் எடுத்தது, மற்றொன்று இருபத்திரண்டாவது வாரத்தில் எடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. அதற்கான விடையைத்தான், அந்தப் பெண்ணின் எண்களையே எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 26. கர்ப்பத்துக்கு முன்பு எடை 48 கிலோ. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. இது இரண்டாவது கர்ப்பம். மூத்த குழந்தைக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. இந்தக் கடைசி விவரம், பின்னால் வரப்போகும் எல்லா எண்களையும்விட முக்கியமானது என்பது என் கருத்து. முதல் பிரசவத்தில் போன இரும்பு உடலுக்குத் திரும்பி வந்து சேரும் முன்பே அடுத்த கர்ப்பம் தொடங்கிவிட்டது.

முதல் படி: ரத்தம் ஏன் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் அவை 20 முதல் 30 சதவீத அளவில்தான் கூடுகின்றன. குழம்பில் காய் சற்றுக் கூடி, தண்ணீர் அதைவிட அதிகமாகக் கூடினால் கரண்டிக்குக் கரண்டி காய் குறைவாகத் தெரிவதைப்போல, மொத்தச் சிவப்பணுக்கள் பெருகியிருந்தும் 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் குறைந்து காட்டும். இந்த நீர்த்தல் நான்காம் மாதத்திலிருந்து வேகம் பிடித்து, ஆறு, ஏழாம் மாதங்களில் நன்றாகத் தெரியும். அதன்பின் சற்றே மீளும்.

ஆகவே ரத்தசோகை என்று சொல்வதற்கான எல்லைக்கோடும் மாதத்துக்கு ஏற்ப நகர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் மூன்று மாதங்களில் 11 கிராமுக்குக் கீழும், நடு மூன்று மாதங்களில் 10.5-க்குக் கீழும், கடைசி மூன்று மாதங்களில் மறுபடியும் 11-க்குக் கீழும் இருந்தால் அது ரத்தசோகை. பிரிட்டனில் பின்பற்றப்படும் வழிகாட்டுதலில் கடைசி மூன்று மாதங்களுக்கும் 10.5 என்பதே எல்லை. நம் நாட்டின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டமோ, கிராம சுகாதார செவிலியர் முதல் மாவட்ட மருத்துவமனை வரை எல்லோரும் ஒரே எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள ஏதுவாக, கர்ப்பம் முழுவதற்கும் 11 என்ற ஒரே கோட்டை வைத்திருக்கிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி வரும் என்று பாருங்கள். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 10.6 என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது வாரத்தில் இந்த எண் வந்தால், நீர்த்தல் இன்னும் முழுவீச்சில் தொடங்காத காலம் என்பதால், அது ஐயத்துக்கிடமின்றி ரத்தசோகை. காரணம் தேட வேண்டும். இருபத்துநான்காவது வாரத்தில் வந்தால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இயல்பு, நம் திட்டத்தின் கணக்கில் லேசான ரத்தசோகை. முப்பத்துநான்காவது வாரத்தில் வந்தால் நம் திட்டத்தின்படியும் உலக சுகாதார நிறுவனத்தின்படியும் ரத்தசோகை. பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரங்களே இருப்பதால் அதற்கு அவசரமும் கூடிவிடுகிறது. ஆகவே சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனையாவது வாரம் என்று பேனாவால் எழுதி வைக்கச் சொல்கிறேன். வாரம் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏழாம் மாதத்தில் 13.5 இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ரத்த அழுத்தத்தைத்தான். நீர்ப்பகுதி கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்பதற்கும் அது ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

இரண்டாம் படி: எண் சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்த்தல்

விரல் நுனியில் குத்தி, சிறு கருவியில் வைத்துப் பார்க்கும் அளவு கிராமத்தில் சல்லடையாகப் பயன்படும். ஆனால் குத்திய பிறகு சொட்டு வராமல் விரலைப் பிழிந்து எடுத்தால், திசுநீர் கலந்து எண் குறைந்து காட்டும். கை சில்லிட்டிருந்தாலும், துடைத்த ஸ்பிரிட் காயாமல் இருந்தாலும் பிசகும். நல்ல முறை என்னவென்றால், விரலைச் சூடாக்கி, நன்றாகக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த சொட்டை எடுப்பது. சிகிச்சையை மாற்றும் அளவுக்கு முடிவெடுக்க வேண்டியிருந்தால், நரம்பில் ரத்தம் எடுத்து முழு ரத்த அணுப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

அந்தப் பரிசோதனைச் சீட்டில் எம்.சி.வி. என்ற இன்னோர் எண்ணும் வரும். அது சிவப்பணுவின் அளவு. இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும். ஆனால் கர்ப்பத்தில் அணுக்கள் இயல்பாகவே சற்றுப் பெரிதாவதால், தொடக்க நிலை இரும்புக் குறைவை அது மறைத்துவிடக்கூடும். எம்.சி.வி. இயல்பாக இருக்கிறது என்பதற்காக இரும்பு போதுமென்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஃபெரிட்டினைப் படித்தல்

ஹீமோகுளோபின் என்பது அன்றாடச் செலவுக்குக் கையில் இருக்கும் பணம் என்றால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் தானியம். கையில் பணம் புழங்கிக்கொண்டிருக்கும்போதே குதிர் காலியாகியிருக்கலாம். ரத்தசோகை வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே ஃபெரிட்டின் இறங்கிவிடுவது இதனால்தான்.

நம் பெண்ணுக்கு ஒன்பதாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 11.2, எல்லாக் கணக்கின்படியும் ரத்தசோகை இல்லை. வெளி ஆய்வகத்தில் எடுத்த ஃபெரிட்டின் 11 நானோகிராம். தோராயமாக, ஒவ்வொரு நானோகிராம் ஃபெரிட்டினும் 8 மில்லிகிராம் சேமிப்பு இரும்பைக் குறிக்கும் என்று கொண்டால், அவர் உடலில் இருந்த கையிருப்பு 90 மில்லிகிராம் அளவுதான். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தேவைப்படுவது ஏறத்தாழ 1000 மில்லிகிராம்: குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, தாயின் புதிய சிவப்பணுக்களுக்கு 450 முதல் 500, மீதி அன்றாட இழப்புக்கு. 90-ஐ வைத்துக்கொண்டு 1000-க்குப் புறப்பட்டவருக்கு ஆறாம் மாதத்தில் என்ன ஆகும் என்பது ஒன்பதாவது வாரச் சீட்டிலேயே எழுதியிருந்தது. அன்று எல்லோரும், நானும் சேர்த்து, மேலே இருந்த 11.2-ஐ மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஃபெரிட்டின் எவ்வளவு இருந்தால் குறைவு? முதல் மூன்று மாதங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 15. அதற்குப் பிந்தைய மாதங்களில் நீர்த்தலும் சேர்ந்து எண்ணை இறக்குவதால், அந்நிறுவனம் தனி எல்லை எதையும் வகுக்கவில்லை. சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் பலரும் கர்ப்பம் முழுவதற்கும் 30 என்ற கோட்டைப் பயன்படுத்துகிறோம். நான் அதை இப்படிப் படிக்கிறேன்: 15-க்குக் கீழ் இருந்தால் குதிர் காலி, அதில் ஐயமில்லை, 15-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் வரப்போகும் மாதங்களுக்குப் போதாது, 30-க்கு மேல் இருந்து காய்ச்சல், தொற்று எதுவும் இல்லாவிட்டால் கையிருப்பு இருக்கிறது.

அந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒருவருக்கு 55 என்று வந்தால் அதை நம்பி மாத்திரையைக் குறைக்கக் கூடாது. தொற்று ஆறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும், அல்லது அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் ஏறியிருந்தால் ஐயப்படலாம். இறங்கியிருந்தால் ஐயப்பட இடமில்லை, ஏனென்றால் ஃபெரிட்டினை அவ்வளவு கீழே இறக்கும் காரணம் நடைமுறையில் இரும்புக் குறைவு ஒன்றுதான்.

இப்போது இருபத்துநான்காவது வாரத்து 10.6-க்குத் திரும்புவோம். ஃபெரிட்டின் 40 என்றால் அது பெரும்பாலும் நீர்த்தல். வழக்கமான ஒரு மாத்திரையே போதும். ஃபெரிட்டின் 9 என்றால், எந்த நாட்டு எல்லைக்கோட்டில் அவர் எந்தப் பக்கம் நின்றாலும், அவருக்கு வேண்டியது சிகிச்சை. எல்லைக்கோடு 10.5-ஆ 11-ஆ என்ற வாதத்தை ஃபெரிட்டின் பல நேரங்களில் தேவையற்றதாக்கிவிடுகிறது. ஆனால் அதைப் பார்க்க வசதியில்லாத இடத்தில் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாத்திரையைத் தொடங்கிவிட்டு, ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனைதான்.

நான்காம் படி: இரும்புக் குறைவு இல்லாத ரத்தசோகையை ஒதுக்கிவைத்தல்

எம்.சி.வி. மிகவும் குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் தாராளமாக இருந்து, ஃபெரிட்டினும் நன்றாக இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுத் தாங்கியாக இருக்கலாம். ஹெச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்க்கும் பரிசோதனையை உடனே செய்ய வேண்டும். தாய்க்கு உறுதியானால் கணவருக்கும் அதே வாரத்தில் செய்ய வேண்டும், ஏனெனில் இருவருமே தாங்கிகளாக இருந்தால் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கக் கிடைக்கும் காலம் குறைவு. நீலகிரியிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு நோய் இருப்பதால், அங்கிருந்து வருபவர்களுக்கு அதையும் பார்க்கிறோம். எம்.சி.வி. பெரிதாகி ரத்தம் குறைந்திருந்தால் பி12, ஃபோலிக் அமிலக் குறைவை நினைக்க வேண்டும். அசைவமே தொடாத குடும்பங்களில் பி12 குறைவை அடிக்கடி பார்க்கிறேன்.

ஐந்தாம் படி: மாத்திரை சிகிச்சை

அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை இல்லாதவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு ஒன்று, 7-க்கும் 10.9-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு. இதுதான் நம் திட்டத்தின் முறை. நடு மூன்று மாதங்களில் ஒருமுறை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் குடற்புழு மாத்திரையும் தரப்படுகிறது. கடையில் வாங்குபவர்கள் அட்டையில் இரும்பு உப்பின் மொத்த எடையைப் பார்க்காமல், அதில் அடங்கிய இரும்பின் எடையைப் பார்க்க வேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அதில் உள்ள இரும்பு 65 மில்லிகிராம் அளவுதான்.

நம் பெண்ணுக்கு மசக்கை அடங்கிய பிறகு, பதினான்காவது வாரத்தில் ஒரு மாத்திரை தொடங்கப்பட்டது. இருபத்திரண்டாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 8. மாமியார் கேள்வி கேட்டது அன்றுதான். மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேட்டேன்.

"காலைல பத்தரைக்கு கம்பெனில டீ குடுப்பாங்களுங்க. அப்ப கால்சியத்தையும் சேத்து ஒண்ணாப் போட்டுக்குவனுங்க. மறந்துட்டா ராத்திரி பால்ல."

தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிவிடுகிறது. கால்சியமும் பாலும் அதைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. எட்டு வாரம் தவறாமல் போட்டதாக அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி உடலில் சேரவேயில்லை. இரும்பை வெறும் வயிற்றில் அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ எடுக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். அவருக்கு நாங்கள் வகுத்த ஒழுங்கு: விடியற்காலை எழுந்ததும் ஓர் இரும்பு, இரவு படுக்கும்போது ஓர் இரும்பு, கால்சியம் காலை, மதியச் சாப்பாட்டோடு.

"ராயிக் களியும் முருங்கைக் கீரையும் தெனம் குடுக்கறனுங்களே, பத்தாதுங்களா?" என்றார் மாமியார். கேழ்வரகு நல்ல உணவுதான். 100 கிராமில் 4 முதல் 5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் தானிய உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு ஐந்து, எட்டு என்ற அளவில்தான். கணக்குப் போட்டால் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. கடைசி மாதங்களில் உடலுக்கு உள்ளே சேர வேண்டியது ஒரு நாளைக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். களியையும் முருங்கைக் கீரையையும் நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றை மாத்திரைக்கு மாற்றாக வைக்க முடியாது என்றுதான் சொன்னேன்.

ஆறாம் படி: நான்கு வாரத்தில் கணக்குக் கேட்டல்

மாத்திரை வேலை செய்கிறதா என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். ஏறினால் காரணம் இரும்புக் குறைவுதான் என்பதும், மருந்து உடலில் சேர்கிறது என்பதும் ஒருசேர உறுதியாகின்றன. ஏறாவிட்டால் அதே மாத்திரையை இன்னும் இரண்டு மாதம் போடச் சொல்வது பயனற்றது. கர்ப்பத்தில் இழப்பதற்கு அவ்வளவு மாதங்கள் இல்லை.

இருபத்தாறாவது வாரத்தில் அவருக்கு 9.6. ஏறாததோடு சற்று இறங்கியும் இருந்தது. சிவப்பணு விவரங்களில் தலசீமியாவுக்கான சாயல் இல்லை, ஹெச்.பி.ஏ.2 இயல்பு. பிறகு மெல்லப் பேசியதில் உண்மை வெளிவந்தது: இரண்டு மாத்திரையாக்கியதும் நெஞ்செரிச்சலும் வாந்தியும் வந்து, வாரத்தில் மூன்று நாள்தான் போட்டிருக்கிறார். திட்டுவார்கள் என்று வீட்டிலும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. வேறு இரும்பு உப்புக்கு மாற்றி, ஒரு வேளையாகக் குறைத்து, மூன்று வாரம் முயன்றோம். இருபத்தொன்பதாவது வாரத்தில் 9.4.

ஏழாம் படி: ஊசி வழி இரும்பு எப்போது

மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது, ஒழுங்காகப் போட்டும் ஏறாதபோது, கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரத்தசோகை கண்டறியப்பட்டு மாத்திரைக்குக் காலம் போதாதபோது, ஹீமோகுளோபின் 5-க்கும் 6.9-க்கும் இடையில் இருக்கும்போது சிரை வழியாக இரும்பு ஏற்றுவதைக் கருதுகிறோம். முதல் மூன்று மாதங்களில் இதைத் தருவதில்லை. காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போதும் தருவதில்லை. ஹீமோகுளோபின் 5-க்குக் கீழ் இருந்தால் எந்த மாதமானாலும் உடனே மருத்துவமனையில் சேர்த்து ரத்தம் ஏற்றுவதுதான் வழி. கடைசி மூன்று மாதங்களில் 7-க்குக் கீழ் இருந்தாலே உடனடியாகச் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு இரும்பு ஏற்ற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, எட்ட வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதுள்ளதற்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, கையிருப்புக்காக 500 கூட்ட வேண்டும். இவருக்கு:

```
48 × (11 − 9.4) × 2.4 + 500 = 684
```

ஏறத்தாழ 700 மில்லிகிராம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 200 மில்லிகிராம் அயர்ன் சுக்ரோஸ், 100 மில்லி உப்பு நீரில் கலந்து 15 முதல் 20 நிமிடத்தில், மூன்று முறை ஏற்றினோம். அடுத்த வாரம் 100. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்து கிடைக்கும் இடத்தில் ஒன்றிரண்டு தடவையிலேயே முடித்துவிடலாம். ஒவ்வாமை அரிதானாலும், அதைச் சமாளிக்கும் மருந்தும் ஆளும் இருக்கும் இடத்தில்தான் ஏற்ற வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஏறும்போது ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சல் எடுத்தால் உடனே சொல்ல வேண்டும். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் விழும் பழுப்புக் கறை மாதக்கணக்கில், சில நேரம் நிரந்தரமாகவே, தங்கிவிடும்.

ஊசி முடிந்த சில நாட்களில் ஃபெரிட்டின் பார்ப்பது பணவிரயம். ஏற்றிய இரும்பு அப்படியே எண்ணாகத் தெரிந்து, நூறுகளில் காட்டி ஏமாற்றும். நான்கு வாரமாவது போக வேண்டும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து வந்தோம்: முப்பத்துமூன்றாவது வாரத்தில் 10.7, முப்பத்தாறாவது வாரத்தில் 11.3. பிரசவம் முப்பத்தொன்பதாவது வாரத்தில் இயல்பாக நடந்தது.

பிரசவத்துக்குப் பின் எல்லைக்கோடு மறுபடி நகர்கிறது. பிரிட்டன் வழிகாட்டுதலில் அப்போது 10-க்குக் கீழ் இருந்தால்தான் ரத்தசோகை. நம் திட்டத்தின்படி அதன்பிறகும் 180 நாள் மாத்திரை தொடர வேண்டும். ஆறாவது வாரத்தில் இவருக்கு ஹீமோகுளோபின் 11.8, ஃபெரிட்டின் 24. இந்த முறை சீட்டை வாங்கியதும் மாமியார் முதலில் விரல் வைத்தது இரண்டாவது எண்ணில். "முப்பதுக்கு இன்னும் ஆறு கொறையுதுங்க. அப்ப மாத்தரை நிறுத்த வேண்டாமுங்க, இல்லீங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். மருமகள் மறுபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கும்போது பத்தரை மணி டீயோடு போடாமல் இருக்க, மாத்திரையை விடியற்காலைக்கே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.